தாயகச் சார்பு: 1989 டோக்கியோ பங்குச்சந்தை தரும் பாடக்கணக்கு

1989 டிசம்பர் 29, டோக்கியோ பங்குச்சந்தையில் அவ்வாண்டின் கடைசி வணிக நாள். ஜப்பானின் முன்னணி நிறுவனங்கள் 225-இன் பங்கு விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் நிக்கேய் குறியீட்டெண் அன்று 38,915.87 என்ற புள்ளியில் முடிந்தது. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் அது ஏறத்தாழ 13,100 புள்ளிகளில் இருந்தது. நான்கே ஆண்டுகளில் மூன்று மடங்கு. உலகப் பங்குச்சந்தைகளின் மொத்த மதிப்பில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் ஜப்பானுடையதாக இருந்த காலம் அது. டோக்கியோ அரண்மனை வளாகத்தின் நிலமதிப்பு மட்டுமே கலிபோர்னியா மாநிலம் முழுவதன் நிலமதிப்பைவிட அதிகம் என்ற பேச்சு உலகெங்கும் உலவியது.

அந்த உச்சத்தை நிக்கேய் மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரி 22 அன்று. இடைப்பட்ட காலம் 34 ஆண்டுகள். 1989-இல் முப்பது வயதில் பங்கு வாங்கிய ஒருவர், போட்ட முதலின் விலை திரும்பி வருவதைப் பார்க்கும்போது அவருக்கு அறுபத்து நான்கு வயது. இக்கட்டுரை அந்தச் சரிவின் வரலாறு அன்று. அச்சரிவின் முழுச் சுமையும் ஏன் ஜப்பானியச் சேமிப்பாளர்களின் தலையிலேயே விழுந்தது என்பதே இங்கே கேள்வி. அவர்கள் கைவசம் இருந்த பங்குகள் ஏறக்குறைய அனைத்தும் ஜப்பானியப் பங்குகளாகவே இருந்தன என்பதுதான் விடை. முதலீட்டாளர்கள் தம் நாட்டுப் பங்குகளையே பெரும்பகுதி வைத்துக்கொள்ளும் இவ்வழக்கத்தைப் பொருளியலில் தாயகச் சார்பு என்பர்.

அளந்து பார்த்த இருவர்

கென்னத் பிரெஞ்சு, ஜேம்ஸ் போட்டெர்பா என்ற இரண்டு அமெரிக்கப் பொருளியலாளர்கள் 1991-இல் ஒரு சிறிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். பல நாடுகளின் முதலீட்டாளர்கள் தம் பங்குச் சேமிப்பில் எவ்வளவைச் சொந்த நாட்டில் வைத்துள்ளனர் என்று அதில் கணக்கிட்டிருந்தனர். அமெரிக்கர் ஏறத்தாழ 94 விழுக்காடு, ஜப்பானியர் 98 விழுக்காடு, பிரித்தானியர் 82 விழுக்காடு. இக்கணக்கு எடுக்கப்பட்ட காலம் எது தெரியுமா? 1989-ஆம் ஆண்டின் இறுதி. நிக்கேய் உச்சியில் நின்ற அதே வேளை. ஆய்வாளர்கள் திட்டமிட்டுத் தேர்ந்தது அன்று இது, தற்செயலாக அமைந்தது. ஆயினும் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஜப்பானியச் சேமிப்பின் நூற்றில் தொண்ணூற்றெட்டுப் பங்கு ஒரே கூடையில் இருந்தபோதே அந்தக் கூடை விழுந்தது.

அவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டனர். ஒருவர் தம் சேமிப்பை இவ்வளவு ஒருபக்கமாக வைத்திருக்கிறார் என்றால், அவர் மனத்தில் என்ன எதிர்பார்ப்பு இருக்க வேண்டும்? பணத்தைப் பல நாடுகளில் பரப்பி வைத்தால் ஏற்ற இறக்கம் குறையும் என்பது கணக்கு. அந்த நன்மையைக் கைவிட ஒருவர் ஒப்புகிறார் என்றால், தம் நாட்டுச் சந்தை மற்றவற்றைவிட நன்றாக ஓடும் என்று நம்புகிறார் என்றே பொருள். எவ்வளவு நன்றாக? ஆண்டுக்குப் பல விழுக்காடு கூடுதலாக. ஜப்பானியர் ஜப்பானிலிருந்தும், அமெரிக்கர் அமெரிக்காவிலிருந்தும், பிரித்தானியர் பிரித்தானியாவிலிருந்தும் அத்தகைய கூடுதல் வருவாயை ஒரே நேரத்தில் எதிர்பார்த்தனர் என்று அந்த எண்கள் காட்டின.

இது நடக்க முடியாத ஒன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஒரு வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தானே முதல் மதிப்பெண் பெறுவேன் என்று நம்பலாம், பெறுபவர் ஒருவர்தான். மற்ற அனைவரின் நம்பிக்கையும் மிகைநம்பிக்கையே.

வெளிநாட்டில் வாங்கத் தடைகள் இருந்தனவே, அதுதான் காரணமாக இருக்கலாமே என்று கேட்பது நியாயம். முன்பு தடைகள் கடுமையாகவே இருந்தன. ஆனால் ஜப்பான் தன் அந்நியச் செலாவணிச் சட்டத்தை 1980 டிசம்பரிலேயே தளர்த்திவிட்டது. 1989 அக்டோபரில் மிட்சுபிஷி எஸ்டேட் நிறுவனம் நியூயார்க்கின் ராக்பெல்லர் சென்டர் கட்டடங்களின் பெரும்பான்மை உரிமையையே வாங்கியது. பணம் கடல் கடக்க வழி இருந்தது. லிண்டா டெசார், இங்க்ரிட் வெர்னர் என்ற இருவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மக்கள் தம்மிடம் உள்ள சிறிதளவு வெளிநாட்டுப் பங்குகளை, உள்நாட்டுப் பங்குகளைவிட அடிக்கடி வாங்கி விற்றனர். தரகுச் செலவுதான் தடை என்றால் குறைவாக அல்லவா விற்று வாங்கியிருக்க வேண்டும்?

தெரிந்தது, அறிந்தது

தெரிந்த பெயரை நல்ல முதலீடு என்று எண்ணிவிடுவதே இதன் வேர். ஜப்பானில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு என்.டி.டி. என்ற தொலைபேசி நிறுவனம். அரசு நிறுவனமாக இருந்து தனியார்மயமாக்கப்பட்ட இதன் பங்குகள் 1987 பிப்ரவரியில் சந்தைக்கு வந்தன. மக்களுக்கு விற்ற விலை ஒரு பங்குக்கு 11 லட்சத்து 97 ஆயிரம் யென். இரண்டே மாதங்களில் அது 31 லட்சத்து 80 ஆயிரம் யென்னைத் தொட்டது. அதுவரை பங்குச்சந்தைப் பக்கமே போகாத இல்லத்தரசிகளும் ஓய்வு பெற்றோரும் வாங்கினர். வீட்டில் மணி அடிக்கும் தொலைபேசி அந்த நிறுவனத்துடையது. மாதந்தோறும் அதற்குக் கட்டணம் கட்டுகிறோம். அது எங்கே போய்விடும் என்பது எண்ணம். அதே ஆண்டு நவம்பரில் அரசு இரண்டாம் தவணைப் பங்குகளை 25 லட்சத்து 50 ஆயிரம் யென்னுக்கு விற்றது. 1992-இல் அப்பங்கின் விலை 10 லட்சம் யென்னுக்கும் வெகு கீழே இருந்தது. நிறுவனம் எங்கும் போய்விடவில்லை. தொலைபேசிகள் தொடர்ந்து மணி அடித்தன. ஒரு நிறுவனத்தைத் தெரிந்திருப்பது வேறு, அதன் பங்குக்கு என்ன விலை தகும் என்று அறிந்திருப்பது வேறு.

இது ஜப்பானியரின் தனிக்குணம் அன்று. அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு 1984-இல் பிரிக்கப்பட்டபோது ஏழு வட்டார நிறுவனங்கள் உருவாயின. ஏழும் ஒரே நாட்டில், ஒரே நாணயத்தில், ஒரே சட்டத்தின்கீழ் இயங்கியவை. எந்த ஒன்றையும் எவரும் வாங்கலாம். அவற்றின் பங்குதாரர்கள் எங்கே வசிக்கின்றனர் என்பதைக் கர் ஹூபர்மன் ஆராய்ந்து 2001-இல் எழுதினார். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் மக்கள் தம் வட்டாரத் தொலைபேசி நிறுவனத்தின் பங்குகளையே மற்ற ஆறைவிட அதிகம் வைத்திருந்தனர். இங்கே நாட்டு எல்லையும் இல்லை, நாணயச் சிக்கலும் இல்லை. மிஞ்சுவது பழக்கம் ஒன்றே.

மிகைநம்பிக்கை இதனோடு சேரும் இடம் நுட்பமானது. மைக்கேல் கில்க்கா, மார்ட்டின் வெபர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வணிகவியல் மாணவர்களிடம் இரு நாட்டுப் பங்குகளைப் பற்றியும் கேட்டனர். ஒவ்வொரு சாராரும் தம் நாட்டுப் பங்குகளைக் கணிப்பதில் தமக்குத் திறமை அதிகம் என்று கருதினர். அவை கூடுதல் வருவாய் தரும் என்றும் சொன்னார்கள். நன்கு தெரியும் என்ற உணர்வு, நன்றாக ஓடும் என்ற கணிப்பாக மாறிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் தருக்கத் தொடர்பு எதுவும் இல்லை. நன்கு தெரிந்த ஒன்று மோசமாகவும் இருக்கலாம் அல்லவா?

1989-இன் ஜப்பானில் இந்த உணர்வுக்குத் துணையாக வாதங்களும் கிடைத்தன. பங்குகளின் விலை அவற்றின் ஆண்டு இலாபத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு இருந்தது. அமெரிக்காவில் அது பதினைந்து மடங்கை ஒட்டியது. வெளிநாட்டார் இதைச் சுட்டியபோது, ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்திருப்பதால் இலாபம் குறைவாகத் தெரிகிறது, கணக்குமுறை வேறு, நிலமதிப்பு ஏடுகளில் மறைந்திருக்கிறது என்று பதில் வந்தது. இவ்வாதங்கள் முற்றிலும் பொய்யல்ல. மேற்சொன்ன பிரெஞ்சும் போட்டெர்பாவுமே இவற்றைத் தனியே ஆராய்ந்து, இவை வித்தியாசத்தின் ஒரு பகுதியை விளக்குகின்றன என்று ஒப்புக்கொண்டனர். ஆனால் எண்பதுகளின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஏற்றத்தை அவற்றால் விளக்க முடியவில்லை. பாதி உண்மையான வாதம் முழுப் பொய்யைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. கேட்பவர் அதைச் சரிபார்த்துவிட்டு, சரிதான் என்று அமைதியடைந்து விடுகிறார்.

ராபர்ட் ஷில்லர் இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அக்காலத்தில் இரு நாடுகளின் நிதி நிறுவனங்களுக்கும் ஒரே கேள்விகளை அனுப்பிவந்தார். டோக்கியோ சந்தை இனி எப்படிப் போகும் என்ற கேள்விக்கு ஜப்பானியர் அமெரிக்கரைவிட நம்பிக்கையான விடையே அளித்தனர். இவர்கள் பாமரர் அல்லர். பங்குகளை வாங்கி விற்பதே தொழிலானவர்கள். ஒரே சந்தை, ஒரே செய்திகள், பார்க்கும் இடம் மட்டும் வேறு.

ஆனால் ஜப்பானியர் பக்கம் ஒரு நியாயமும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஓட்டலில் ஐந்து நாடுகள் செய்த உடன்பாட்டுக்குமுன் ஒரு டாலருக்கு 240 யென் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அது 150 யென்னுக்கும் கீழே இறங்கியது. டாலரில் பணம் வைத்திருந்த ஜப்பானிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் பெரும் இழப்பைக் கண்டன. வெளிநாடு என்றால் நட்டம் என்ற பாடம் புதிதாக மனத்தில் பதிந்திருந்த வேளையில்தான் உள்நாட்டுச் சந்தை மூன்று மடங்கானது. மிக அண்மையில் சுட்டது எது என்பதே நினைவில் நின்றது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு கணக்கிடலாம். அவர்கள் 1989-இன் கடைசி நாளில் 10 லட்சம் யென்னை நிக்கேய் குறியீட்டின்படி முதலீடு செய்தனர் என்று கொள்வோம். பங்காதாயத்தை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

1990 இறுதியில் குறியீடு 23,849 புள்ளி. கையில் 6 லட்சத்து 13 ஆயிரம் யென். 1992 ஆகஸ்டில் 14,309 புள்ளி. 3 லட்சத்து 68 ஆயிரம். 2009 மார்ச் 10 அன்று 7,055 புள்ளி; 1 லட்சத்து 81 ஆயிரம். பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் போய்விட்டது. இங்கே பலரும் தவறும் ஒரு கணக்கு உண்டு. 82 விழுக்காடு இறங்கியது 82 விழுக்காடு ஏறினால் சரியாகிவிடாது. 1.81 லட்சம் மீண்டும் 10 லட்சமாக ஐந்தரை மடங்கு ஏற வேண்டும். அதற்குத்தான் இன்னும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

பக்கத்து வீட்டார் அதே நாளில் அதே தொகையை அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டின்படி போட்டனர் என்று வைத்துக்கொள்வோம். அன்று ஒரு டாலருக்கு ஏறத்தாழ 144 யென். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது சுமார் 6,950 டாலர். 1995 ஏப்ரலில் அமெரிக்கக் குறியீடு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் ஏறியிருந்தது. ஆனால் டாலர் 80 யென் அளவுக்கு விழுந்திருந்தது. யென்னில் மாற்றினால் 8 லட்சம்தான். ஐந்தில் ஒரு பங்கு நட்டம். இந்த நாணய ஆபத்தை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. எனினும் அதே மாதத்தில் முதல் குடும்பத்திடம் இருந்தது 4 லட்சத்தை ஒட்டிய தொகையே. உலகச் சந்தைகள் அனைத்தும் நொறுங்கியிருந்த 2009 மார்ச்சில் பக்கத்து வீட்டாரிடம் 13 லட்சம் இருந்தது. 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்கக் குறியீடு 14 மடங்குக்குமேல் வளர்ந்திருந்தது. டாலர் 150 யென். அவர்களின் 10 லட்சம் அன்று ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யென். முதல் குடும்பத்திடம் 10 லட்சத்து 5 ஆயிரம்.

இந்த ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. அமெரிக்கா வெல்லும் என்பது 1989-இல் எவருக்கும் தெரியாது. அக்காலத்தில் ஜப்பான் அமெரிக்காவை விழுங்கிவிடும் என்றுதான் நூல்கள் எழுதப்பட்டன. ஆகவே இன்னும் அடக்கமான ஒரு கணக்கைப் போடுவோம். முதல் குடும்பம் எட்டு லட்சத்தை உள்நாட்டிலேயே வைத்து, இரண்டு லட்சத்தை மட்டும் வெளியே அனுப்பியிருந்தால்? 2009-இன் அடிமட்டத்தில் 1.81 லட்சத்துக்குப் பதில் 4 லட்சம் இருந்திருக்கும். 2024-இல் 38 லட்சம். வெற்றி பெற்ற நாட்டைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நிதானமாகவே வளர்ந்த பிரித்தானியச் சந்தையில் போட்ட 10 லட்சமும், பவுண்டின் மதிப்புக் குறைந்த பின்னரும், யென்னில் இரண்டரை மடங்காக ஆகியிருக்கும்.

பங்காதாயத்தைச் சேர்த்தால் ஜப்பானியக் குடும்பம் சில ஆண்டுகள் முன்னதாகவே கரையேறியிருக்கும். உச்சியில் மொத்தமாகப் போடாமல் மாதந்தோறும் சிறுகச் சிறுகப் போட்டவர்களின் நிலையும் இவ்வளவு மோசமில்லை. விலைவாசி அந்நாட்டில் அதிகம் ஏறாததும் ஓர் ஆறுதல். இவையெல்லாம் சுமையைக் குறைக்கின்றன, நீக்கவில்லை.

உண்மையில் இழப்பு பங்குக் கணக்கோடு நின்றுவிடுவதில்லை. ஜப்பானியச் சேமிப்பாளருக்குச் சம்பளம் ஜப்பானிலிருந்து வந்தது. வீடும் நிலமும் ஜப்பானில் இருந்தன. பங்குகளைத் தொடர்ந்து தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலவிலையும் சரியத் தொடங்கியது. ஓய்வூதிய நிதியும் அந்நாட்டுக் கடன்பத்திரங்களிலும் பங்குகளிலுமே இருந்தது. தாயகச் சார்பின் விலையை அளப்பவர்கள் பங்கை மட்டும் பார்ப்பது போதாது என்று நான் கருதுவது இதனால்தான். நாட்டின் பொருளாதாரம் தளரும்போது சம்பள உயர்வு நிற்கும், வீட்டின் மதிப்பு குறையும், பங்கும் விழும். மூன்றும் ஒரே நேரத்தில். 1997 நவம்பரில் யமாயிச்சி என்ற நூறாண்டுப் பழமையான பங்குத் தரகு நிறுவனம் மூடப்பட்டபோது அதன் தலைவர் செய்தியாளர்முன் அழுதுகொண்டே, ஊழியர்கள்மேல் குற்றமில்லை என்றார். அந்நிறுவனத்தின் பங்குகளையே சேமிப்பாக வைத்திருந்த ஊழியர்களுக்கு வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் போயின.

எல்லா நாட்டுக்கும் ஒரே விலையா?

அமெரிக்க முதலீட்டாளர் இதைப் படித்தால் சிரிக்கலாம். 94 விழுக்காட்டை வீட்டிலேயே வைத்திருந்தவருக்குக் கடந்த முப்பது ஆண்டுகள் நன்றாகவே அமைந்தன. ஆனால் அவருக்கும் 2000 முதல் 2009 வரை ஒரு பத்தாண்டு இருந்தது. தொடங்கிய இடத்துக்கும் கீழே எஸ் அண்ட் பி 500 முடிந்த பத்தாண்டு. அதே காலத்தில் பல வளரும் நாட்டுச் சந்தைகள் ஏறின. விளைவு நன்றாக அமைந்தது என்பதால் எடுத்த முடிவு சரியாக இருந்தது என்று ஆகாது. மூன்று பேர் இருசக்கர வண்டியில் தலைக்கவசமின்றி வீடு வந்து சேர்ந்துவிடுகிறார்கள், அதுபோல.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. இந்தியர் ஒருவர் ஓராண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் தருகிறது. ஆனால் பரஸ்பர நிதிகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் போடக்கூடிய தொகைக்கு 700 கோடி டாலர் என்ற உச்சவரம்பு இருக்கிறது. 2022 தொடக்கத்தில் அவ்வரம்பை நெருங்கியதால் பல நிதிகள் அத்திட்டங்களில் புதிய பணம் பெறுவதையே நிறுத்தின. எனவே இந்தியரின் தாயகச் சார்பு முழுவதையும் மனப்போக்கின்மேல் போட முடியாது. ஒரு பகுதி விதிகளால் வந்தது. ஆயினும் உள்ளூர் நிலம், உள்ளூர் நகைக்கடைச் சீட்டு, வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்கு என்று ஒரே வட்டத்துக்குள் எல்லாவற்றையும் வைப்பதற்கு எந்த விதியும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒருவர் தம் நிலையைச் சோதிக்க எளிய வழி உண்டு. என் நாட்டுச் சந்தை அடுத்த இருபது ஆண்டுகள் ஏறாமல் இருந்தால் என் சம்பளம், வீடு, சேமிப்பு ஆகியவற்றில் எது தப்பும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம். அப்படி நடக்காது என்பதே முதலில் மனத்தில் தோன்றும் விடையானால், அதற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த வரியில் எழுதட்டும். 1989-இல் ஒரு ஜப்பானியரிடம் அத்தாளைக் கொடுத்திருந்தால் ஆதாரங்களை அவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்.

ஜப்பான் மெல்ல மாறியது. அரசின் மாபெரும் ஓய்வூதிய முதலீட்டு நிதி, அறுபது விழுக்காட்டை உள்நாட்டுக் கடன்பத்திரங்களில் வைக்கும் கொள்கையை 2014 அக்டோபரில் கைவிட்டது. 2020 ஏப்ரல் முதல் அதன் இலக்கு நான்கு சமபாகங்கள்: உள்நாட்டுப் பங்கு, வெளிநாட்டுப் பங்கு, உள்நாட்டுக் கடன்பத்திரம், வெளிநாட்டுக் கடன்பத்திரம், ஒவ்வொன்றும் 25 விழுக்காடு. 2024 ஜனவரியில் வரிவிலக்குடைய சிறுசேமிப்பு முதலீட்டுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது இளைஞர்கள் பெரிதும் நாடியவை உலக நாடுகள் அனைத்தின் பங்குகளையும் சேர்த்து வாங்கும் நிதிகளும் அமெரிக்கக் குறியீட்டு நிதிகளும். அடுத்த மாதமே நிக்கேய் பழைய உச்சத்தைக் கடந்தது. அன்று அதைக் கொண்டாடிய செய்திகளில், உள்நாட்டுப் பங்கு வாங்காத தலைமுறையைப் பற்றிய கவலையும் இடம்பெற்றிருக்கக் கூடும். அவர்களின் பெற்றோர் வைத்திருந்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு இராது.